பேட்டரியின் பலத்தை அறியும் பரீட்சை

மின்சாரம் நின்ற அரைமணி நேரத்திலேயே விசிறி தளர்ந்து அடங்கத் தொடங்கினால், இன்வெர்ட்டர் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது என்று கடைக்காரர் கூறும் தீர்ப்பை அப்படியே ஏற்க வேண்டிய அவசியமில்லை. ஒரு மல்டிமீட்டரும், காரின் முகப்பு விளக்குக்குரிய 12 வோல்ட், 55 வாட் பல்புகள் இரண்டும் இருந்தால், அதன் யதார்த்த நிலையை வீட்டிலேயே பரீட்சித்து அறியலாம்.

முதலில் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, இன்வெர்ட்டர் கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஓர் இரவு முழுவதும் ஓய்வில் வைக்க வேண்டும். சார்ஜ் நின்றவுடன் தட்டுகளை ஒட்டிய அமிலம் அடர்ந்திருப்பதால், அப்போது மீட்டர் காட்டும் 13 வோல்ட் போலியானது. மறுநாள் காலையில், பச்சை பூத்த கிளாம்பின்மேல் அன்றி, ஈய முனையின்மேலேயே மீட்டரின் ஊசிகளை வைத்துப் பார்க்கையில் 12.6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் சார்ஜ் பூரணம்; 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. இரவெல்லாம் சார்ஜ் ஏற்றியும் 10.5 அளவிலேயே நிற்குமாயின், ஆறு அறைகளில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டதென்று அனுமானிக்கலாம்.

ஆனால் 12.6 என்பது ஆரோக்கியத்துக்குப் பிரமாணம் ஆகாது. ஓய்வு வோல்ட்டேஜ் அமிலத்தின் செறிவை மட்டுமே சொல்லும். சல்பேட் படிந்தும் பசை உதிர்ந்தும் போன தட்டுகளில் இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்லாது. பாதிக்குமேல் வண்டல் தங்கிய குடத்திலும் நீர் விளிம்புவரை நிற்கத்தானே செய்கிறது!

ஆகவே சுமைப் பரீட்சை இன்றியமையாதது. இரு பல்புகளையும் இணையாகப் பொருத்தினால் சுமார் 9 ஆம்பியர் ஓடும். முதல் சில நிமிஷங்களில் வோல்ட்டேஜ் சிறிதே இறங்கி நிலைத்தால் நல்லது. ஒரு வோல்ட் அளவுக்குச் சரிந்தால் உள்தடை மிகுந்துவிட்டது என்று பொருள். பிறகு மணிக்கொரு முறை அளவைக் குறித்துக்கொண்டே வந்து, 10.5 வோல்ட்டைத் தொட்டவுடன் விளக்கை அணைத்து, தாமதமின்றி மீண்டும் சார்ஜ் ஏற்ற வேண்டும்; அதற்குக் கீழே இறக்குவது தட்டுகளுக்குக் கேடு. விளக்கின் சுவிட்ச் பேட்டரியிலிருந்து விலகியே இருக்கட்டும். சார்ஜ் ஏறுகையில் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், முனையருகே பொறி பறப்பது அபாயம்.

150 ஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்ட புதிய பேட்டரி இந்தச் சுமையைப் பதினாறு மணி நேரத்தை ஒட்டித் தாங்கும். காலையில் 12.6 காட்டிய பழைய பேட்டரி ஒன்று ஐந்து மணி நேரத்திலேயே 10.5-க்கு இறங்கினால், அது கொடுத்தது 9-ஐ 5-ஆல் பெருக்கிய 45 ஆம்பியர்-மணி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குறிக்கப்பட்ட அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பேட்டரியை ஆயுள் தேய்ந்ததாகக் கொள்வதே தொழில் வழக்கம்.

எனினும் ஒரே சோதனையால் தீர்மானிக்காதீர்கள். வடிநீர் குறைந்திருந்தால் ஊற்றி, முழுமையாகச் சார்ஜ் ஏற்றி, மறுபடி ஒருமுறை சோதியுங்கள். அப்போதும் அதே 45 வந்தால், தயங்காமல் மாற்றிவிடுங்கள்.