அப்பா ஏ, அம்மா பி, பிள்ளை ஓ

அப்பாவுக்கு ஏ குரூப். அம்மாவுக்கு பி. பிறந்த பிள்ளைக்கு ஓ என்று லேப் ரிப்போர்ட் சொல்கிறது. இந்த மூன்று எழுத்துகளை வைத்து எத்தனையோ வீடுகளில் வேண்டாத பேச்சு வளர்ந்திருக்கிறது. "எங்க வம்சத்துல யாருக்குமே ஓ கிடையாதே" என்று மாமியார் ஆரம்பிப்பார். கணவன் ஒன்றும் சொல்லாமல் இருப்பான். அந்த மௌனமே மருமகளுக்குப் பெரிய தண்டனையாகிவிடும்.

உண்மையில் அங்கே சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஏ அப்பாவுக்கும் பி அம்மாவுக்கும் ஏ, பி, ஏபி, ஓ என்ற நான்கு குரூப்பிலும் பிள்ளை பிறக்கலாம். சொல்லப்போனால், நான்குக்கும் வாய்ப்புள்ள ஒரே ஜோடி இதுதான்.

காரணம் எளிது. லேப் சீட்டில் ஒரு எழுத்து இருந்தாலும், நம் உடம்பில் இருப்பது இரண்டு. ரத்த குரூப்பைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கிறது. அந்தக் குரோமோசோமில் ஒன்று அப்பாவிடமிருந்து வந்தது, இன்னொன்று அம்மாவிடமிருந்து வந்தது. ஆகவே ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒவ்வொரு பிரதியும் ஏ, பி, ஓ என்ற மூன்று வகைகளில் ஏதாவது ஒன்று.

சிவப்பணுவின் மேற்பரப்பில் 'எச்' என்ற ஒரு பொருள் இருக்கிறது. ஏ மரபணு தயாரிக்கும் நொதி அதன் நுனியில் ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டவைக்கும். பி மரபணுவின் நொதி வேறொரு சர்க்கரையை ஒட்டவைக்கும். பெரும்பாலான ஓ மரபணுக்களில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டுப்போயிருக்கிறது. அதனால் வேலை செய்கிற நொதி உருவாவதில்லை, எச் அப்படியே வெறுமனே நிற்கிறது. ஒருவரிடம் ஏ ஒன்றும் ஓ ஒன்றும் இருந்தால் ஏ மட்டுமே தன் சர்க்கரையை ஒட்டிவிடும், ஓ செய்வதற்கு ஒன்றுமில்லை. லேபில் பார்ப்பது அந்தச் சர்க்கரையைத்தான். ஒரு சொட்டு ரத்தத்தில் நீல நிற மருந்தையும் இன்னொரு சொட்டில் மஞ்சள் நிற மருந்தையும் கலந்து பலகையை மெல்ல ஆட்டுவார்கள். நீலம் ஏ-க்கு, மஞ்சள் பி-க்கு. நீலச் சொட்டில் மட்டும் ரத்தம் திரிந்த பால்போலக் கட்டிகட்டியானால் 'ஏ குரூப்' என்று எழுதுவார்கள். உள்ளே இருப்பது ஏ-ஏ ஜோடியா, ஏ-ஓ ஜோடியா என்று அந்தச் சொட்டு சொல்லாது.

இப்போது அந்த வீட்டுக்குத் திரும்புவோம். கணவனின் அம்மாவுக்கு, அதாவது பேச்சை ஆரம்பித்த மாமியாருக்கும், ஏ குரூப். மாமனாருக்கு பி. இருவருமே ஓ இல்லை. ஆனால் மகன் ஏ. அந்த ஏ அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க முடியும், ஏனென்றால் பி குரூப் அப்பாவிடம் ஏ கிடையாது. அப்பா கொடுத்தது என்ன? பி-யைக் கொடுத்திருந்தால் மகன் ஏபி ஆகியிருப்பான். ஆகவில்லை. எனவே அப்பா கொடுத்தது ஓ. மகன் ஏ-ஓ. வம்சத்தில் இல்லை என்று சொல்லப்பட்ட ஓ, மாமனாரின் பி-க்குப் பின்னால் இருந்து மகனுக்கு வந்திருக்கிறது.

மருமகள் பக்கமும் இதேபோலத்தான். அவளுக்கு பி. அவளுடைய அப்பாவுக்கு ஓ. ஓ குரூப்காரரிடம் இரண்டு பிரதியும் ஓ-தான், மகளுக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லை. ஆகவே மகள் சந்தேகமில்லாமல் பி-ஓ.

ஏ-ஓ கணவன் ஏ-யையோ ஓ-வையோ கொடுப்பான். பி-ஓ மனைவி பி-யையோ ஓ-வையோ கொடுப்பாள். ஏ-யும் பி-யும் சேர்ந்தால் ஏபி. ஏ-யும் ஓ-வும் சேர்ந்தால் ஏ. ஓ-வும் பி-யும் சேர்ந்தால் பி. ஓ-வும் ஓ-வும் சேர்ந்தால் ஓ. நான்குக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒவ்வொரு பிரசவத்துக்கும் இது புதிதாக நடக்கும் கணக்கு. முதல் பிள்ளை ஓ என்பதால் அடுத்தது ஓ ஆகாது என்று சொல்ல முடியாது, நான்கு பிள்ளை பெற்றால் நான்கு குரூப்பும் வந்தாக வேண்டும் என்றும் இல்லை.

தாத்தா பாட்டியின் குரூப் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஓ பிள்ளை பிறந்ததே, அப்பா ஏ-ஓ, அம்மா பி-ஓ என்று நமக்குச் சொல்லிவிடுகிறது.

இப்படி ஓ-வை உள்ளே வைத்திருப்பவர்கள் அபூர்வமும் இல்லை. கணக்குக்காக ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே மொத்த மரபணுக்களில் பத்துக்கு ஆறு ஓ, இரண்டு ஏ, இரண்டு பி. அந்த ஊரில் நூறு பேரில் 36 பேர் ஓ குரூப்பாக இருப்பார்கள், 28 பேர் ஏ குரூப்பாக இருப்பார்கள். அந்த 28 பேரில் 24 பேர் ஏ-ஓ, நான்கு பேர்தான் ஏ-ஏ. அதாவது ஓ அதிகமுள்ள ஊரில், ஏ என்று சீட்டு வைத்திருக்கும் ஏழு பேரில் ஆறு பேர் ஓ-வைச் சுமக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் ஓ அதிகமாகக் காணப்படும் குரூப்தான்.

ஊர்ஊராக ரத்த குரூப்பை எண்ணி இப்படிக் கணக்குப் போட்டுத்தான் மரபின் விதியே பிடிபட்டது. கார்ல் லான்ட்ஸ்டைனர் 1900-களின் தொடக்கத்தில் குரூப்களைக் கண்டுபிடித்த பிறகு, ஏ-க்கு ஒரு ஜோடி மரபணு, பி-க்குத் தனியாக இன்னொரு ஜோடி என்று நம்பியிருந்தார்கள். அந்தக் கணக்குப்படி ஏபி தாய்க்கு ஓ பிள்ளை பிறக்கலாம். ஜெர்மனியின் கணிதப் பேராசிரியர் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் 1920-களின் நடுவில், ஏ, பி, ஓ மூன்றும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும் வகைகள் என்று மக்கள்தொகைக் கணக்கிலிருந்தே காட்டினார். அதன்படி ஏபி ஆளிடம் ஓ-வுக்கு இடமே இல்லை.

இதிலிருந்துதான் உறுதியான 'முடியாது'கள் வருகின்றன. ஓ-வுக்கும் ஓ-வுக்கும் ஓ மட்டுமே பிறக்கும். ஏபி ஒருபக்கம் இருந்தால் ஓ பிறக்காது. ஏபி-க்கும் ஓ-வுக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஏ அல்லது பி. இந்த ஜோடியைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் கவலை வரும். ஏனென்றால் இவர்களின் எந்தப் பிள்ளையும் அப்பாவின் குரூப்பிலும் இருக்காது, அம்மாவின் குரூப்பிலும் இருக்காது. விவரம் தெரியாதவர் கண்ணுக்கு மிகச் சரியான குடும்பமே தப்பாகத் தெரியும்.

நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கு உண்டு. 1940-களில் ஜோன் பாரி என்ற நடிகை, தன் மகளுக்குத் தகப்பன் சார்லி சாப்ளின்தான் என்று கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார். பாரிக்கு ஏ, குழந்தைக்கு பி, சாப்ளினுக்கு ஓ. குழந்தையின் பி ஏ குரூப் தாயிடமிருந்து வந்திருக்க முடியாது. தாய் கொடுத்தது ஓ, பி-யைக் கொடுத்தவர் தகப்பன். ஆகவே தகப்பன் பி-யாகவோ ஏபி-யாகவோ இருக்க வேண்டும். ஓ குரூப் சாப்ளினிடம் கொடுக்க பி இல்லை. மருத்துவர்கள் இதைச் சொல்லியும், அன்றைய சட்டப்படி ரத்தப் பரிசோதனை முடிவான சாட்சியம் இல்லை. 1945-ல் ஜூரி சாப்ளினுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது, அவர் குழந்தைக்குப் பராமரிப்புப் பணம் கட்ட நேர்ந்தது. 1953-ல்தான் கலிபோர்னியா தன் சட்டத்தை மாற்றியது.

இந்த வழக்கிலேயே ரத்த குரூப்பின் எல்லையும் தெரிகிறது. ஒருவர் தகப்பன் இல்லை என்று அது சொல்லலாம், ஆனால் இவர்தான் தகப்பன் என்று சொல்லாது. பி குரூப் ஆண் யாரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாலும் அந்தக் குழந்தையின் கணக்கு பொருந்தியிருக்கும்.

'இல்லை' என்று சொல்வதற்கு முன்பும் பார்க்க வேண்டியது நிறைய. முதலில் சீட்டையே சந்தேகிக்க வேண்டும். குழாயில் பெயர் மாறி ஒட்டப்படுவது நடக்கும். பலகையில் சொட்டு காய்ந்துபோனால் இல்லாத கட்டி தெரியும். ஏ-யில் வலுக்குறைந்த வகைகள் உண்டு. அப்படிப்பட்ட ஏ-யோடு பி-யும் இருந்தால், நீலச் சொட்டில் கட்டி சரியாகத் தெரியாமல் ஏபி ஆளுக்கு பி என்று எழுதிவிடுவார்கள். ஆகவேதான் ரத்த வங்கியில் இரண்டு வழியாகவும் பார்ப்பார்கள். சிவப்பணுவில் என்ன இருக்கிறது என்பது ஒரு வழி. சீரத்தில் எந்த எதிர்ப்பொருள் இருக்கிறது என்பது இன்னொரு வழி. ஏ ஆளிடம் பி-க்கு எதிரானது இருக்கும், ஓ ஆளிடம் இரண்டுக்கும் எதிரானது இருக்கும். இரண்டு முடிவும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ கோளாறு என்று அர்த்தம். பச்சைக் குழந்தைக்கு இந்த இரண்டாவது வழி உதவாது. அதன் உடம்பு சொந்தமாக எதிர்ப்பொருள் தயாரிக்கச் சில மாதங்கள் ஆகும், அதன் ஏ, பி சர்க்கரைகளும் அப்போது வலுக்குறைவாகவே இருக்கும். பிறந்த அன்று கொடுத்த சீட்டை இறுதியானதாக வைத்துக்கொள்ளாமல், குழந்தை வளர்ந்த பிறகு இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

சீட்டு சரியாக இருந்தும் விதி மீறப்பட்டதுபோல் தோன்றும் இடமும் உண்டு. 1952-ல் பம்பாயிலிருந்து ஒய். எம். பெண்டேயும் உடன்பணியாளர்களும் அதை முதன்முதலில் விவரித்தார்கள். அதனால் அதற்கு 'பாம்பே குரூப்' என்றே பெயர். ஏ, பி சர்க்கரைகள் ஒட்டுவது எச்-ன் மீது என்று பார்த்தோம். எச்-ஐத் தயாரிப்பது வேறொரு மரபணு. அதன் இரண்டு பிரதியும் வேலை செய்யாதவருக்கு எச் இருக்காது. அவரிடம் பி மரபணு முழுசாக இருந்தாலும் ஒட்டுவதற்கு இடமில்லை. லேபில் ஓ என்றுதான் வரும்.

அப்படி ஒரு பெண், உள்ளே பி-யோடு இருக்கிறாள், சீட்டில் ஓ. கணவனும் ஓ, ஆனால் அவனிடம் எச் நன்றாக இருக்கிறது. பிள்ளை அம்மாவிடமிருந்து பி-யையும் அப்பாவிடமிருந்து எச்-ஐயும் வாங்கிக்கொள்கிறது. விளைவு, இரண்டு ஓ பெற்றோருக்கு பி குரூப் பிள்ளை. யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. இது அபூர்வம்தான் என்றாலும், உலகின் பிற பகுதிகளைவிட இந்தியாவில் அதிகம். இந்தப் பழுதான பிரதி இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் பாம்பே குரூப் ஆகும் என்பதால், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் திருமணம் நடக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுகிறது.

ஆகவே குரூப் கணக்கு இடிக்கிறது என்று தோன்றினால், அப்பா, அம்மா, பிள்ளை மூவரின் ரத்தத்தையும் புதிதாக எடுத்து, ரத்த வங்கியில் இரண்டு வழியாகவும் பார்க்கச் சொல்லுங்கள். ஓ என்று வந்தவருக்கு எச் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் தெளிவாகவில்லை, தெரிந்தே ஆக வேண்டும் என்றால், பதில் சொல்லக்கூடியது டிஎன்ஏ பரிசோதனை மட்டுமே.

எச் இல்லை என்று யாருக்காவது தெரியவந்தால், அங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. அவருக்கு ஓ ரத்தம் ஏற்றக்கூடாது. அவருடைய எதிர்ப்பொருள் அந்த ஓ அணுக்களையே அழித்துவிடும். இன்னொரு பாம்பே குரூப் ஆளின் ரத்தம்தான் பொருந்தும். பெற்றோர் இருவரும் அந்தப் பழுதான பிரதியில் ஒன்றை மட்டும் சுமப்பவர்கள் என்றால், கூடப்பிறந்த ஒவ்வொருவரும் அதே குரூப்பாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால் அண்ணன், தங்கை எல்லோரையும் அப்போதே பரிசோதித்து, முடிவைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.