அண்ணன் எழுத வேண்டிய கணக்குக் கடிதம்

பெற்றோருக்கு உடம்பு முடியாமல் போகும்போது, பிள்ளைகள் மூன்று பேர் இருந்தால் செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்வதுதான் நியாயம் என்று பெரும்பாலான குடும்பங்கள் நினைக்கின்றன. நான் அப்படி நினைக்கவில்லை. சமமாகப் பிரிப்பது எளிது, அவ்வளவுதான். இருபதாயிரம் சம்பாதிப்பவருக்கும் ஒரு லட்சம் சம்பாதிப்பவருக்கும் ஆறாயிரம் ரூபாய் ஒரே பாரமாக இருக்காது. அப்பாவைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கிற பிள்ளையும் அதே மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டுமென்றால் அவர் இரண்டு முறை கொடுக்கிறார்.

இந்தப் பேச்சை யாராவது தொடங்க வேண்டும். நம் வீடுகளில் அது பெரும்பாலும் மூத்த மகன் தலையில் விழுகிறது. தொலைபேசியில் தொடங்கினால் பழைய கதைகளில் போய் முடியும்: யார் படிப்புக்கு எவ்வளவு செலவானது, யார் கல்யாணத்துக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்று. அதனால் கடிதம் நல்லது. அந்தக் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

கும்பகோணத்தில் அப்பா, அம்மா. அப்பாவுக்கு 74 வயது, பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலவீனமாக இருக்கிறது. அம்மாவுக்கு 68, சர்க்கரையும் ரத்த அழுத்தமும். மூத்த மகன் திருச்சியில் ஒரு நிறுவனத்தில் கணக்கர். மகள் கும்பகோணத்திலேயே, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். இளையவன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான்.

கடிதத்தின் முதல் பகுதி செலவுக் கணக்கு. கடந்த மூன்று மாதப் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுத வேண்டும். இந்த வீட்டில் மாதத்துக்கு மாத்திரை மருந்து 6,500 ரூபாய், தினம் ஐந்து மணி நேரம் வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளுக்கு 9,000, பன்னிரண்டு முறை பிசியோதெரபிக்கு 4,800, பரிசோதனைக்கும் டாக்டருக்கும் 1,700, டயப்பர், ஆட்டோ வகையில் 2,000. மொத்தம் 24,000.

பிள்ளைகள் பையில் கைவிடுவதற்கு முன் பெற்றோருக்கு என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். அப்பாவின் ஓய்வூதியம் 3,500, மாடி வாடகை 6,000. ஓய்வூதியம் மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் போய்விடுகிறது. வாடகையை மருத்துவத்துக்கு ஒதுக்கினால் பிள்ளைகள் பார்க்க வேண்டியது 18,000.

இங்கேயே இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். இரண்டு வரவையும் சேர்த்தால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 1,14,000 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கான வருமான வரம்பு 1,20,000. பெற்றோர் தனி ரேஷன் அட்டையில் இருந்தால், வருவாய்த் துறையின் வருமானச் சான்றை வைத்து இதற்கு விண்ணப்பிக்கலாம். மகனுடைய அட்டையில் பெயர் இருந்தால் குடும்ப வருமானம் கூடி வாய்ப்புப் போய்விடும். திட்டம் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குக் கிடைக்கிறது. தினசரி மாத்திரைக்கோ உதவியாளுக்கோ இது ஆகாது. ஆனால் பெரிய செலவு திடீரென்று வரும் நாளில் இந்த அட்டை கையில் இருப்பதும் இல்லாததும் மூன்று குடும்பங்களின் சேமிப்பைத் தீர்மானிக்கும். அம்மாவின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலமோ அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இலவசமாக வாங்கலாம். அது முடிந்தால் 24,000 என்ற எண்ணே குறையும்.

அடுத்தது பங்கு. இதில்தான் கடிதம் நிற்கும் அல்லது விழும்.

சம்பளத்தை வைத்துப் பிரிக்கக் கூடாது. வீட்டுக்கடன் கட்டுகிறவனுக்கும் கட்டாதவனுக்கும் ஒரே சம்பளம் ஒரே பலத்தைத் தராது. கைக்கு வரும் பணத்தில் வாடகை அல்லது வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு, தன் குடும்பத்தின் சாப்பாடு, மருத்துவம் இவற்றைக் கழித்து என்ன மிஞ்சுகிறதோ அதுதான் அடிப்படை. கார் தவணையும் சுற்றுலாவும் கழிவில் சேராது. கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தால் வீட்டுச் செலவில் தன் பங்கை மட்டும் கழித்துக்கொள்ளலாம். மருமகள், மருமகன் வருமானத்தை இந்தக் கணக்குக்குள் இழுக்காமல் இருப்பது நல்லது. இழுத்தால் கடிதம் மூன்று பேரைத் தாண்டி ஆறு பேரிடம் போய்விடும்.

மூத்தவன் தன் எண்ணை முதலில் எழுதிவிட வேண்டும். மற்றவர்களிடம் சம்பள ரசீது கேட்காமல், மிஞ்சும் தொகையை மட்டும் கேட்க வேண்டும். கடிதத்தில் அந்தப் பகுதி இப்படி இருக்கலாம்:

“தம்பி, எனக்கு எல்லாம் போக மாதம் 25,000 நிற்கிறது. உனக்கு 55,000 இருக்கும் என்று நான் ஊகிக்கிறேன், தங்கச்சிக்கு 10,000. ஊகம் தப்பாக இருந்தால் சரியான எண்ணைச் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்கிறேன். விளக்கம் வேண்டாம்.”

மூன்றும் சேர்ந்து 90,000. அந்த விகிதத்தில் 18,000-ஐப் பிரித்தால் அண்ணனுக்கு 5,000, தம்பிக்கு 11,000, தங்கைக்கு 2,000. பலர் இத்துடன் கணக்கை மூடிவிடுவார்கள். தங்கையின் உழைப்பு இன்னும் கணக்குக்குள் வரவில்லை.

உதவியாள் போன பிறகு சாயங்காலம் அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டுவது, அம்மாவுக்குச் சர்க்கரை பார்ப்பது, மருந்து வாங்குவது, டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் அவள்தான். தினம் மூன்று மணி நேரம், மாதம் 90 மணி நேரம். உதவியாளுக்கு நாம் கொடுக்கும் 9,000-ஐ மணிக்குக் கணக்கிட்டால் 60 ரூபாய் வருகிறது. அதே விலையில் தங்கையின் நேரம் 5,400 ரூபாய்.

இதையும் செலவாகச் சேர்த்தால் மொத்தம் 23,400. பழைய விகிதத்தில் அண்ணன் பங்கு 6,500, தம்பி பங்கு 14,300, தங்கை பங்கு 2,600. தங்கை 5,400 ரூபாய்க்கான உழைப்பைக் கொடுத்துவிட்டாள். அதாவது தன் பங்கைவிட 2,800 அதிகம். ஆகவே அவள் பணம் போட வேண்டியதில்லை. அண்ணனும் தம்பியும் போடும் 20,800-ல் 18,000 செலவுக்குப் போகும், 2,800 தங்கைக்குப் போகும்.

இந்த 2,800-ஐத் தங்கை அநேகமாக வாங்க மாட்டாள். “அப்பாவைப் பார்த்துக்க எனக்குக் கூலியா?” என்று கேட்பாள், அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. அதனால் கடிதம் அந்த இடத்தைக் கவனமாகச் சொல்ல வேண்டும்:

“தங்கச்சி, நீ செய்வதற்கு நாங்கள் விலை போடவில்லை. உன் நேரத்தைக் கணக்கில் எழுதாவிட்டால், நாங்கள் இருவரும் கொடுக்கும் பணம்தான் பெரிது என்று நாளைக்கு எங்களுக்கே தோன்றிவிடும். அந்தப் பணத்தை நீ கையில் வாங்க வேண்டாம். அஞ்சலகத்தில் உன் பெயரில் தொடர் வைப்பாகப் போட்டுவிடுகிறோம். இல்லையென்றால் வருஷத்தில் இரண்டு வாரம் நீ வெளியூர் போக, அந்த நாளைக்கு முழுநேர ஆள் வைக்க அது இருக்கட்டும்.”

அண்ணனும் லீவு போட்டு வந்து பார்த்துக்கொண்டால் அந்த நேரமும் இதே விலையில் அவன் பக்கம் சேரும்.

பணம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். அம்மாவும் தங்கையும் சேர்ந்த கூட்டு வங்கிக் கணக்கு, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகையில். மாதம் ஐந்தாம் தேதிக்குள் இருவர் பங்கும் வந்துவிட வேண்டும். அதே விகிதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கையிருப்பையும் சேர்க்கலாம். தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது முன்பணம் கேட்பார்கள். இரவு பதினொரு மணிக்குத் தங்கை பெங்களூருக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. பத்தாயிரம் வரை அவளே முடிவெடுக்கலாம், அதற்கு மேல் மூவரும் பேச வேண்டும், உயிருக்கு ஆபத்தென்றால் யாரையும் கேட்க வேண்டாம் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அதிகம் கொடுக்கிறவனுக்குச் சிகிச்சை விஷயத்தில் அதிகக் குரல் கிடையாது என்பதையும் அதே இடத்தில் சொல்வது நல்லது. அப்பா பேச முடிகிற வரை அந்த முடிவு அப்பாவுடையது.

ஒரு வரி விவரம்: 60 வயது கடந்த பெற்றோருக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாதபோது, பழைய வருமான வரி முறையில் இருக்கும் பிள்ளை அவர்களின் மருத்துவச் செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு கேட்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. ஆகவே தம்பி பழைய முறையில் இருந்தால், அவன் பங்கில் மருந்துக்கடை, பரிசோதனைக் கூடப் பில்களை நேரடியாகத் தன் கணக்கிலிருந்து கட்டுவது நல்லது. கூட்டுக் கணக்கில் போட்டுவிட்டால் அவன் கட்டியதைக் காட்டுவது கடினம்.

“தம்பி ஒத்துக்கொள்ளாவிட்டால் சட்டம் இருக்கிறதே” என்று சிலர் சொல்வார்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. மகன், மகள் இருவருக்கும் கடமை உண்டு என்கிறது. திருமணமான மகளுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் வேறொரு சட்டத்தின் கீழ் 1987-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 2007 சட்டம் தரும் உரிமை பெற்றோருடையது. அண்ணன் தம்பிமீது வழக்குப் போட அதில் வழியில்லை. பெற்றோர் ஒரு பிள்ளைமீது மனுக் கொடுத்தால், அந்தப் பிள்ளை மற்றவர்களையும் அதில் சேர்க்கக் கோரலாம். அப்போதும் தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடிய உச்சத் தொகை மாதம் 10,000 ரூபாய். இந்த வீட்டின் கணக்கே 18,000. அதற்காக அப்பாவைக் கோட்டாட்சியர் அலுவலகப் படி ஏற்றுவதைவிட இரண்டாவது கடிதம் எழுதலாம்.

யாருக்காவது வேலை போனால், மறுமாதமே விகிதத்தைத் திருத்த வேண்டும். நிரூபணம் கேட்கக் கூடாது. அப்படி எதுவும் நடக்காவிட்டாலும் தை மாதத்தில் ஒருமுறை எண்களைப் புதுப்பிக்க வேண்டும். ஏற்பாடு தளர்வதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும்: பணம் இருபதாம் தேதிக்கு வரத் தொடங்கும், பில் அனுப்பு என்ற கேள்வி அடிக்கடி வரும், தங்கை அப்பாவின் நிலையைப் பற்றித் தானாகச் சொல்வதை நிறுத்திவிடுவாள். மூன்றில் எது தெரிந்தாலும் தை மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக வீடு. அதிகம் செலவழித்தவனுக்கு வீட்டில் அதிகப் பங்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லார் மனத்திலும் அது ஓடும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்தால் அம்மாவுக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சம பங்கு. மருந்துக்குக் கொடுத்த பணம் அந்தப் பங்கைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. வேறு மாதிரி வேண்டுமென்றால், தெளிவாக இருக்கும்போது அப்பாவே உயில் எழுத வேண்டும். கடிதத்தில் இதற்கு இரண்டு வரி போதும்: “நாம் மாதாமாதம் போடும் பணம் வீட்டின் மேல் கடன் இல்லை. யாராவது தன் பங்குக்கு மேல் முன்பணம் போட்டால், எவ்வளவு, எப்போது திருப்பித் தருவது என்று அன்றைக்கே மூவரும் எழுதிக்கொள்வோம்.”

கடிதம் தங்கைக்கும் தம்பிக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில் போக வேண்டும். ஒருவரிடம் முன்கூட்டிப் பேசிவிட்டு மற்றவருக்கு முடிவாக அனுப்பினால் எண்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும் எடுபடாது. பதில் சொல்ல இரண்டு வாரம் கொடுக்கலாம். அதுவரை நடக்கிற செலவை வழக்கம்போலப் பார்த்துக்கொள்வதாகவும் அண்ணன் எழுதிவிட வேண்டும்.