ஒரு தண்டு, இரண்டு மூட்டு

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலத்தில் கார் என்றால் பின்சக்கரம் தள்ளுவதுதான். எஞ்சினின் விசை நீளமான தண்டு வழியாகப் பின்னால் போகும். முன்சக்கரங்களுக்கு வண்டியைத் திருப்புவது மட்டுமே வேலை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது எஞ்சின், கியர்பாக்ஸ், இழுக்கும் சக்கரம் எல்லாம் முன்பக்கத்துக்கு இடம் மாறின. காருக்குள் இடம் கூடியது, எடை குறைந்தது. ஆனால் திரும்பிக்கொண்டும் மேடுபள்ளத்துக்கு ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கிற ஒரு சக்கரத்தை, நகராமல் உட்கார்ந்திருக்கும் கியர்பாக்ஸிலிருந்து சுழற்ற வேண்டிய தொல்லை புதிதாக வந்து சேர்ந்தது.

அதைச் செய்வது கை நீளத்துக்கும் குறைவான ஒரு எஃகுத் தண்டு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கும். மெக்கானிக்குகள் ஆக்சில் என்பார்கள், டிரைவ் ஷாஃப்ட் என்றும் சொல்வார்கள். இரண்டு முனையிலும் மடிப்பு மடிப்பான கறுப்பு ரப்பர் உறை தெரியும். சாமர்த்தியமெல்லாம் அந்த உறைகளுக்குள்தான் இருக்கிறது.

லாரியின் அடியில் குனிந்து பார்த்தால், நீளத் தண்டின் முனையில் சிலுவை வடிவ இரும்புத் துண்டைப் பிடித்த ஒரு மூட்டைக் காணலாம். நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்குப் பெயர் கிராஸ். வளைந்தபடியே சுழல அது இடம் கொடுக்கும். மலிவு, நீண்ட நாள் உழைக்கும். அதையே முன்சக்கரத்துக்கும் வைத்தால் என்ன?

அந்த மூட்டு வளைந்து நிற்கும்போது உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் ஒன்றாக இருப்பதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்ததில் சக்கரம் 35 பாகை திரும்பியிருக்கிறது, சஸ்பென்ஷனால் தண்டும் 10 பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பக்கவாட்டுச் சாய்வு, மற்றது மேல்கீழ்ச் சாய்வு என்பதால் இரண்டையும் அப்படியே கூட்டக் கூடாது. மூட்டின் மொத்த வளைவு 36 பாகை அளவில்தான் வரும். மெதுவாகத் திரும்பும் காரில் தண்டு நிமிடத்துக்கு 100 சுற்று சீராகச் சுழல்கிறது என்றால், கிராஸின் மறுபக்கம் 81 சுற்று வேகத்துக்கு இறங்கி 124 வரை ஏறும். இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை, அதாவது நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் நடக்கும். சராசரி எடுத்தால் 100தான், ஆனால் எந்த நேரமும் ஒரே சீராக இல்லை.

சக்கரமோ தரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரின் முழு எடையும் அதோடு ஓடுகிறது. அது நொடிக்கு மூன்று தடவை வேகத்தை மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் அந்த உதறல் திரும்பி டயர் ரப்பருக்கும், கியர் பற்களுக்கும், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களுக்கும், ஓட்டுநரின் கைக்கும் போகிறது. பிரான்சில் 1948இல் அறிமுகமான சிட்ரோயன் 2சி.வி. காரின் ஆரம்பகால வண்டிகளில் சக்கரப் பக்கம் சாதாரண கிராஸ்தான் இருந்தது. முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ஸ்டியரிங் கையில் வெட்டி வெட்டி இழுக்கும். எஞ்சின் அவ்வளவு சிறியதாக இருந்ததால்தான் மக்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

வேகம் மாறாமல் வளையும் மூட்டுக்கு வழி வடிவியலில் இருக்கிறது. ஒரு கோணத்தில் சந்திக்கும் இரண்டு தண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்தில் ஒரு கண்ணாடியை நிறுத்தினால், ஒரு தண்டின் பிம்பமாகவே மற்றது தெரியும். விசையைக் கைமாற்றும் புள்ளி அந்தத் தளத்திலேயே இருந்தால், இரண்டு தண்டுகளின் மையக் கோட்டிலிருந்தும் அதற்குள்ள தூரம் எப்போதும் சமம். தூரம் சமம், புள்ளியும் ஒன்றே என்றால் இரண்டு தண்டும் ஒரே வேகத்தில் சுழன்றுதான் ஆக வேண்டும். கிராஸில் சிக்கல் என்னவென்றால், விசை மாறும் இடங்கள் அந்தத் தளத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தாண்டித் தாண்டி ஆடுகின்றன.

ஃபோர்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஹான்ஸ் ரெப்பா என்ற பொறியாளர் 1920களின் பிற்பகுதியில் இதற்கு எஃகுக் குண்டுகளைக் கொண்டு வழி செய்தார். இன்றைக்கு நம் கார்களின் சக்கரப் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அவருடைய மூட்டின் வாரிசுதான். வெளியே கிண்ணம் போன்ற ஒரு பாகம், அதன் உட்சுவரில் ஆறு வளைந்த பள்ளங்கள். கிண்ணத்துக்குள் ஒரு உருண்டையான பாகம், அதன் மேலும் ஆறு பள்ளங்கள். எதிரெதிராக நிற்கும் ஒவ்வொரு பள்ள ஜோடிக்கு நடுவிலும் ஒரு குண்டு. கிண்ணத்தின் அடியிலிருந்து நீளும் தண்டு சக்கரத்தின் ஹப்புக்குள் போகிறது. உள் உருண்டை டிரைவ் ஷாஃப்டின் முனையில் பல் பொருந்தி உட்காருகிறது. ஆறு குண்டுகளையும் ஒரே தளத்தில் வைத்திருக்க, சன்னல் வெட்டிய ஒரு வளையக் கூண்டு உண்டு.

குண்டுகள் சரிபாதித் தளத்துக்குத் தாமாக எப்படிப் போகின்றன? இரண்டு பள்ளங்களின் வளைவுக்கும் மையம் ஒன்றல்ல. வெளிப் பள்ளத்தின் மையம் மூட்டின் நடுவிலிருந்து சற்றே ஒரு பக்கமும், உள் பள்ளத்தின் மையம் அதே அளவு எதிர்ப்பக்கமும் தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் பள்ள ஜோடி ஒரு முனையில் அகன்றும் மறுமுனையில் குறுகியும் ஆப்பு வடிவில் இருக்கிறது. மூட்டு வளையும்போது ஒவ்வொரு குண்டுக்கும் பொருந்துகிற இடம் ஒன்றே ஒன்றுதான். தண்டு 40 பாகை வளைந்தால் குண்டுகளின் தளம் 20 பாகையில் போய் நிற்கும். 1959இல் இங்கிலாந்தில் வந்த மினி கார், இந்த வகை மூட்டை மலிவான குடும்பக் காருக்குக் கொண்டுவந்தது.

இந்த மூட்டு 45 பாகைக்கும் மேல் வளையும். ஆனால் நீளவோ சுருங்கவோ அதற்குத் தெரியாது.

சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது நடப்பதைப் பார்த்தால் அது ஏன் குறை என்று புரியும். தண்டின் இரண்டு மூட்டுகளுக்கும் இடையே 360 மில்லிமீட்டர் என்று கொள்வோம். படுக்கைவாட்டில் இருந்த தண்டின் வெளிமுனை 80 மில்லிமீட்டர் மேலே போனால், தண்டு சாய்ந்ததால் அது எட்டும் பக்கவாட்டுத் தூரம் 351 மில்லிமீட்டராகக் குறைகிறது. சக்கரம் நேர்க்கோட்டில் ஏறியிருந்தால் 9 மில்லிமீட்டர் எட்டாமல் போகும். உண்மையில் சக்கரமும் சஸ்பென்ஷனின் கீழ்க்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வளைவில்தான் ஏறுகிறது. ஆனால் அந்த வளைவும் தண்டின் வளைவும் ஒன்றாக அமைவதில்லை. போதாக்குறைக்கு, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் எஞ்சினே தன் ரப்பர் தாங்கிகளில் முன்னும் பின்னும் ஆடுகிறது. இதையெல்லாம் ஈடுகட்ட எங்கேயாவது நீளம் மாறியாக வேண்டும்.

அது கியர்பாக்ஸ் பக்கத்து மூட்டின் வேலை. பல கார்களில் அங்கே இருப்பது டிரைபாட் மூட்டு. தண்டின் முனையில் மூன்று கைகள், ஒவ்வொரு கையிலும் ஊசி பேரிங் மேல் சுழலும் ஒரு உருளை. கியர்பாக்ஸ் பக்கத்துக் கோப்பையில் நேராக வெட்டிய மூன்று பள்ளங்களில் அந்த உருளைகள் உருண்டு உள்ளேயும் வெளியேயும் போய்வரும். தொடக்ககால மினியில் இந்த வேலையை ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் பல் தண்டு செய்தது. விசை ஏறியிருக்கும்போது பல்லும் பல்லும் அழுந்திப் பிடித்துக்கொள்வதால், அந்த மாதிரித் தண்டு எளிதில் வழுக்காது. உருளைக்கு அந்தத் தயக்கம் குறைவு.

டிரைபாடுக்கும் ஒரு எல்லை உண்டு. கோணம் கூடக் கூட, ஒவ்வொரு சுற்றிலும் மூன்று முறை தண்டை நெடுக்குவாட்டில் தள்ளும் ஒரு விசை அதில் எழும். அதனால் சுமார் 25 பாகைக்கு மேல் அதை வளைக்க மாட்டார்கள். ஆனால் உள்பக்க மூட்டுக்கு ஸ்டியரிங்கோடு எந்தத் தொடர்பும் இல்லை. சஸ்பென்ஷன் தரும் சாய்வை மட்டும் தாங்கினால் போதும். மேலே சொன்ன 80 மில்லிமீட்டர் ஏற்றத்துக்குச் சாய்வு 13 பாகைதான். கோணம் வெளி மூட்டுக்கு, நீளம் உள் மூட்டுக்கு என்ற இந்தப் பங்கீடுதான் ஏற்பாட்டின் உயிர். வண்டி உயரமாகத் தெரிய வேண்டுமென்று ஸ்பிரிங்கை ஏற்றிவிடுபவர்கள் இதைத்தான் கெடுக்கிறார்கள். உள் மூட்டு எந்நேரமும் சாய்ந்தே ஓட வேண்டியதாகிவிடும், வேகமெடுக்கும்போது முன்பக்கம் அதிரத் தொடங்கும்.

இந்த மூட்டுகள் பெரும்பாலும் தாமாகச் சாவதில்லை. முதலில் போவது ரப்பர் பூட். வெளிப் பூட் ஒவ்வொரு திருப்பத்திலும் மடங்கி விரிகிறது, அதனால் பெரும்பாலும் அதுதான் முதலில் வெடிக்கும். 13 அங்குல ரிம் கொண்ட சிறு காரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் தண்டு நொடிக்குப் பத்து சுற்று அளவில் சுழலும். விரிசல் வழியாகக் கறுப்பு கிரீஸ் சிதறி ரிம்மின் உட்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். போன கிரீஸுக்குப் பதில் மணலும் மழைநீரும் உள்ளே வரும். டயர் மாற்றும் நாளில் ரிம்மின் உட்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தாலே இது தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் மூட்டைக் கழற்றிக் கழுவி, புது பூட், அதோடு வரும் கிரீஸ் பாக்கெட், புது கிளாம்ப் போட்டால் பிழைத்துவிடும். கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கிரீஸை அதில் அடைக்க விடாதீர்கள். பெரும்பாலும் இந்த மூட்டுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ்தான் சேர வேண்டும்.

கவனிக்காமல் விட்டால் அடுத்தது சத்தம். நேராக ஓடும்போது குண்டுகள் பள்ளத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. மண்ணும் எஃகும் உரசி அந்த இடத்திலேயே குழி விழுகிறது. ஸ்டியரிங்கை ஒடித்தால் ஒவ்வொரு குண்டும் சுற்றுக்கு ஒருமுறை பள்ளத்தில் முன்னும் பின்னும் ஓட வேண்டும். அப்போது குழியின் விளிம்பில் ஏறி இறங்குகிறது. அந்த ‘டக் டக் டக்’தான் கேட்கிறது. காலி மைதானத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டு, முழுக்க ஒடித்து, மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்து இரண்டு பக்கமும் சுற்றிப் பாருங்கள். வண்டி வேகத்தோடு கூடிக் குறையும் டக்டக் வந்தால் வெளி மூட்டு என்று சந்தேகிக்கலாம். நேராகப் போகும்போது, கியர் போட்டு விசை ஏறுகிற கணத்தில் ஒரே ஒரு ‘டங்’, அல்லது வேகமெடுக்கையில் அதிர்ந்து காலை எடுத்ததும் நின்றுவிடும் நடுக்கம் என்றால் உள் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். டக்டக் தொடங்கிய பிறகு பூட் மாற்றுவது வீண் செலவு. விழுந்த குழியைக் கிரீஸ் நிரப்பாது.

ஆக்சிலைப் பட்டறையில் விட்டு, வண்டியை மட்டும் சக்கரத்தில் உருட்டி வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று சிலர் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். பல கார்களில் சக்கர பேரிங்கின் இரண்டு பாதிகளை இறுக்கிச் சேர்த்து வைத்திருப்பது வெளி மூட்டின் தண்டும் அதன் முனையில் உள்ள பெரிய நட்டும்தான். தண்டு இல்லாமல் வண்டியின் எடை அதன் மேல் உருண்டால் பேரிங்கும் போய்விடும்.