சான்றிதழ் கையில், பணம் பில்லில்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர்களிடம் உத்யம் பதிவைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வரும் கேள்வி ஒன்றுதான்: "பதிஞ்சு வச்சிருக்கோமுங்க, அதுல என்னங்க கிடைச்சுது?" நியாயமான கேள்வி. பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கும் அந்தக் காகிதம் தானாக எதையும் கொண்டுவந்து கொடுப்பதில்லை. ஒரு காலத்தில் இதற்கு முன்பிருந்த சிறுதொழில் பதிவு, கொஞ்சமாவது தானாகக் கொடுத்தது.

1978இல் மாவட்டத் தொழில் மையங்கள் வந்த பிறகு, சிறுதொழில் தொடங்குபவர் முதலில் அங்கே போய்த் தற்காலிகப் பதிவு வாங்க வேண்டும். அதைக் காட்டித்தான் சிட்கோ பேட்டையில் ஷெட் கேட்கலாம், மின் இணைப்புக்கு எழுதிக்கொடுக்கலாம், தொழில் முதலீட்டுக் கழகத்திலோ வங்கியிலோ கடனுக்கு உட்காரலாம். எந்திரம் ஓடத் தொடங்கியபின் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். லேத் எத்தனை, டிரில்லிங் மெஷின் எத்தனை, என்ன விலைக்கு வாங்கியது என்று குறித்துக்கொண்டு போவார். அதன்பிறகுதான் நிரந்தரப் பதிவு. மாதக்கணக்கில் இழுக்கும், அலைச்சல் அதிகம். பட்டறையை ஒரு நாள் மூடிவிட்டுப் போனால் அந்த நாள் கூலி போய்விடும் என்ற நிலையில் இருந்தவர்கள் பலர் பதிவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் வாங்கியவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் பலன் இருந்தது. இரும்பும் எஃகும் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் சிட்கோ கிடங்கில் மூலப்பொருள் கேட்கப் பதிவுதான் ஆதாரம். சிறுதொழில்கள் மட்டுமே செய்யலாம் என்று சில பொருட்களை அரசு ஒதுக்கிவைத்திருந்தது. 1967இல் 47 பொருட்களோடு தொடங்கிய அந்தப் பட்டியல் பின்னர் 800ஐத் தாண்டியது. பெரிய கம்பெனி அந்தப் பொருளுக்குள் எளிதில் நுழைய முடியாது. தாராளமயம் வந்தபின் பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசி 20 பொருட்களும் 2015 ஏப்ரலில் நீக்கப்பட்டன. மூலப்பொருள் தட்டுப்பாடும் போய்விட்டது. பதிவு தந்துகொண்டிருந்த இரண்டு பெரிய பலன்களும் இப்படித்தான் மறைந்தன.

பதியும் வேலை மட்டும் எளிதாகிக்கொண்டே வந்தது. 2006 அக்டோபர் 2 முதல் குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் எந்திர முதலீடு 25 லட்சம் வரை உள்ள உற்பத்திப் பட்டறைதான் குறு நிறுவனம். 2015இல் உத்யோக் ஆதார், 2020 ஜூலை 1 முதல் உத்யம். 2025 ஏப்ரல் முதல் முதலீடு 2.5 கோடிக்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு நிறுவனம். மூன்று லேத் வைத்திருப்பவரும் ஒன்பது கோடிக்கு வியாபாரம் செய்பவரும் இப்போது ஒரே பெயரில் நிற்கிறார்கள். இது சரியில்லை என்பது என் எண்ணம். குறுந்தொழிலுக்கென்று ஒதுக்குவது உண்மையான சிறியவரிடம் போய்ச்சேராமல் போக இந்த விரிந்த எல்லையும் ஒரு காரணமாகிவிடும்.

இன்று udyamregistration.gov.in தளத்தில் ஆதார் எண், அதோடு இணைந்த செல்போனுக்கு வரும் ஓ.டி.பி., பான், ஜி.எஸ்.டி. வேண்டியவராக இருந்தால் அந்த எண், வங்கிக் கணக்கு, வேலையாட்கள் எத்தனை பேர் என்ற விவரம் இருந்தால் போதும். கட்டணம் கிடையாது, புதுப்பிக்கவும் வேண்டாம். அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தனியார் தளங்களும் இருக்கின்றன, முகவரியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பெரும்பாலானவர்கள் பக்கத்து பிரவுசிங் சென்டரில் கொடுத்து முடித்துக்கொள்கிறார்கள். சிக்கல் அங்கேதான் உட்காருகிறது. படிவத்தில் உற்பத்தியா, சேவையா, வணிகமா என்று கேட்கும். என்.ஐ.சி. எனப்படும் தொழில் வகைக் குறியீட்டில் 45, 46, 47 என்று தொடங்குபவை வணிகம். ஜாப் ஒர்க் செய்யும் லேத் பட்டறை உற்பத்தியிலோ சேவையிலோ வர வேண்டும். அவசரத்தில் வணிகம் என்று தட்டிவிட்டால் சான்றிதழ் அழகாகவே வரும், எண்ணும் வரும். ஆனால் மொத்த, சில்லறை வணிகர்களை 2021 ஜூலையில் உத்யத்தில் சேர்த்தது வங்கிக் கடனில் முன்னுரிமைத் துறையாகக் கணக்கிடுவதற்கு மட்டும்தான். பணம் தாமதமானால் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. பதிவு தரும் மிகப் பெரிய பலன் அந்த உரிமைதான்.

ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். பம்பு கம்பெனி ஒன்றுக்கு ஷாப்ட் கடைந்து கொடுக்கிறார்கள். 2024 மே 2 அன்று மூன்று லட்ச ரூபாய் வேலையை முடித்து, டெலிவரி சலானில் கையெழுத்து வாங்கி ஒப்படைத்தாயிற்று. ஆர்டரில் 90 நாள் கெடு என்று அச்சிட்டிருக்கிறது. கோவையில் இது வழக்கமான கதை. 2006 சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. ஆகவே அந்த 90 நாள் செல்லாது, ஜூன் 16 அன்று கெடு முடிந்துவிட்டது.

மறுநாளிலிருந்து வட்டி ஓடுகிறது. அது ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் அசலோடு சேரும் கூட்டு வட்டி. அந்த ஆண்டு வங்கி விகிதம் 6.75 சதவீதம், மூன்று மடங்கு 20.25 சதவீதம். முதல் மாதமே 5,062 ரூபாய். ஆறு மாதம் இழுத்தடித்தால் டிசம்பர் நடுவில் வட்டி மட்டும் ஏறக்குறைய 31,700 ரூபாய் ஆகியிருக்கும். கந்துவட்டிக்கு வாங்கிச் சம்பளம் போட்டவருக்கு இது சின்னத் தொகையல்ல.

"குவாலிட்டி சரியில்லை" என்று மூன்று மாதம் கழித்துச் சொல்வது இன்னொரு வழக்கம். சட்டம் அதையும் பார்த்திருக்கிறது. பொருள் கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். அதனால்தான் சலானில் தேதியோடு கையெழுத்து வேண்டும். வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு வந்த சரக்குக்கு எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று பின்னால் சண்டை போட முடியாது.

பணம் வராவிட்டால் இதற்கென்று இருக்கும் அரசு இணையதளத்தில் உத்யம் எண், ஆர்டர் நகல், பில், சலான் எல்லாவற்றையும் போட்டு மனு கொடுக்கலாம். அது மாநிலத்தின் வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் மன்றங்கள் இருக்கின்றன. முதலில் சமரசம், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து கம்பெனி நீதிமன்றம் போனால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஆளை இழுத்தடிக்கும் வேலைக்கு இது பெரிய தடை. ஆனால் 90 நாளில் முடிய வேண்டிய வழக்கு அதற்குள் முடிவதில்லை. தீர்ப்பு வந்தும் தராவிட்டால் அதை நிறைவேற்றத் தனியாக நீதிமன்றப் படி ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனு போட்ட மறுநாள் அந்தக் கம்பெனியின் ஆர்டர் நின்றுபோகும் என்ற பயம். ஒரே கம்பெனியை நம்பி ஓடும் பட்டறைக்கு இந்த உரிமை காகிதத்திலேயே தங்கிவிடுகிறது. உறவு முறிந்துபோன பழைய பாக்கிக்குத்தான் பலர் மனு போடுகிறார்கள்.

மனுவே போடாமல் பலன் தந்தது வருமான வரியில் வந்த மாற்றம். 2023 நிதிச் சட்டம் 43பி (எச்) பிரிவாகக் கொண்டுவந்த விதிப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு 15 அல்லது 45 நாள் கெடு தாண்டியும் தராத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கம்பெனி கணக்கில் காட்ட முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். அந்தத் தொகைக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டும் என்றதும் கம்பெனிகளின் ஆடிட்டர்களே "உங்க உத்யம் சர்டிபிகேட் அனுப்புங்க" என்று கேட்கத் தொடங்கினார்கள். பதிவில்லாத ஆளிடம் வேலை கொடுத்தால் தொல்லையில்லை என்று நினைக்கும் கம்பெனிகளும் உண்டு. அந்த நெருக்கடிக்கு இணங்கிப் பதிவை மறைப்பது, கூலியை வட்டியில்லாமல் கடன் கொடுப்பதற்குச் சமம்.

இதில் தேதி முக்கியம். சரக்கு கொடுத்து, பணம் நின்று, அதன்பிறகு பதிந்துகொண்டு பழைய பில்லுக்கு உரிமை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு அமர்வு இதில் மாற்றுக் கருத்துக் கொண்டு, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை, வேலை எடுக்கும் முன்பே பதிந்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லை.

கடன் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். சான்றிதழ் கடன் வாங்கித் தராது. குறிப்பிட்ட தொகை வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி நெடுநாளாகச் சொல்லிவருகிறது. அதற்கு மேலும் அரசின் கடன் உத்தரவாத நிதியம் வங்கிக்குப் பொறுப்பேற்கும். ஆனால் மேனேஜர் பார்ப்பது உங்கள் ஜி.எஸ்.டி. கணக்கையும் வங்கிக் கணக்கில் பணம் வந்துபோவதையும்தான். பில் இல்லாமல் ரொக்கத்தில் ஓடும் பட்டறைக்கு எந்தச் சான்றிதழும் உதவாது. ஜி.எஸ்.டி. வேண்டாத மிகச் சிறியவர்களுக்கு 2023 முதல் வங்கிகள் வழியாக உத்யம் அசிஸ்ட் என்ற பதிவு இருக்கிறது, அதுவும் முன்னுரிமைக் கடனுக்கானதுதான்.

தமிழ்நாட்டில் புதிதாகத் தொடங்கும் குறு உற்பத்திப் பட்டறைக்கு மூன்று ஆண்டுகளுக்குத் தாழ்வழுத்த மின்கட்டணத்தில் 20 சதவீத மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. நான்காம் ஆண்டில் கேள்விப்பட்டு ஓடுபவர்களுக்கு அதில் இடமில்லை.

ஆகவே பட்டறை வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்வது இதுதான். சுவரில் இருக்கும் சான்றிதழை இறக்கி, பதிவுத் தேதியையும், தொழில் வகையில் வணிகம் என்று தவறாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தவறென்றால் அதே தளத்தில் திருத்தலாம், காசு கிடையாது. பிறகு பில் புத்தகத்தில் இந்த ஒரு வரியை அச்சிட்டுக்கொள்ளுங்கள்: "நாங்கள் குறு நிறுவனம், எங்கள் உத்யம் எண் இது. 2006 சட்டத்தின் 15, 16ஆம் பிரிவுகள் இந்த பில்லுக்குப் பொருந்தும்." அடுத்த பில்லிலிருந்தே அந்த வரி இருக்கட்டும்.