கோடு நெருங்கினால் காற்று, கோடே இல்லாவிட்டால்?

வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் வடகிழக்குப் பருவம் வந்தால், பட்டாசை வெளியே காயப் போடலாமா என்பதுதான் தினசரிக் கேள்வி. செல்போனில் வானிலை வரைபடம் வந்துவிடுகிறது. அதில் வளைந்து வளைந்து போகும் கோடுகளை என்ன செய்வது?

ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைத்தால் கிடைப்பது சமஅழுத்தக் கோடு. நம் வானிலைத் துறை 2 ஹெக்டோபாஸ்கலுக்கு (பழைய பெயர் மில்லிபார்) ஒரு கோடு போடுகிறது. ஆகவே பார்க்க வேண்டியது கோடு அல்ல, ரெண்டு கோட்டுக்கு நடுவில் உள்ள இடைவெளி. 200 கி.மீ. தூரத்தில் 2 குறைவதும், 50 கி.மீ.யில் 2 குறைவதும் ஒன்றல்ல. பின்னதில் காற்றைத் தள்ளும் விசை நாலு மடங்கு. காற்றும் நாலு மடங்காகிவிடாது. புயல் மையத்தைச் சுற்றிக் கோடு வட்டமாக வளையும் இடத்தில் வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்குதான் ஆகும். ஆனால் தகரக் கூரை மேல் விழும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், கூரைக்கு அது மறுபடி நாலு மடங்குதான்!

நிலத்தின் மேல் இருக்கும் மண்டலத்தை வகைப்படுத்தவும் இதையே எண்ணுகிறார்கள். மையத்திலிருந்து 3 பாகைக்குள் (சுமார் 330 கி.மீ.) மூடிய வட்டம் ஒன்று இருந்தால் தாழ்வுப் பகுதி, ரெண்டு இருந்தால் தாழ்வு மண்டலம், மூணு என்றால் ஆழ்ந்தது, நாலிலிருந்து புயல்.

கஜாவை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே மணிக்கு 100-110 கி.மீ. வேகத்தில் கரையேறியது. ஏழாயிரம்பண்ணை அங்கிருந்து தென்மேற்கே 250 கி.மீ.க்கு மேல். இப்படி வரும்போது, நெருக்கமான வளையங்கள் நம் ஊரைத் தொடுகின்றனவா, எட்டவே நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும். திசை அறிய ஒரு வழி: காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வு இடதுகைப் பக்கம். நாகையில் புயல் என்றால் நமக்குக் காற்று வடமேற்கிலிருந்து வரும். அது மெல்ல மேற்காகவும் தெற்காகவும் திரும்பினால் புயல் நமக்கு வடக்கே கடந்துபோகிறது என்று அர்த்தம்.

இனி தலைப்பில் கேட்டது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. நமக்குத் தெற்கே நூறு கி.மீ.க்குள் உள்ள ஊர். அன்று புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு வளிமண்டலச் சுழற்சி மட்டுமே. கோடு காட்டுவது காற்றின் தள்ளுவிசையைத்தான். மேலே எவ்வளவு ஈரம் சேர்ந்திருக்கிறது, மேகம் ஒரே இடத்தில் நின்றுவிடுமா என்பதெல்லாம் அதில் கிடையாது.

சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் எழும்பும் இடிமழையும் அப்படித்தான். பத்து இருபது கி.மீ. அகலம் உள்ள ஒரு மேகம், ரெண்டு கோட்டுக்கு நடுவில் காணாமல் போய்விடும். மருந்து வைத்திருக்கும் ஊருக்கு மின்னல்தான் பெரிய பயம். எனவே கோடைக்காலத்தில் வரைபடம் வெறுமையாக இருந்தாலும், மேற்கே மலைப்பக்கம் மேகம் கோபுரமாக எழும்புகிறதா என்று பாருங்கள், ரேடார் படத்தையும் பாருங்கள். இடிச்சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம். வேலையை அப்போதே நிறுத்த வேண்டும்.