மணி அடித்த பிறகு முதல் ஒன்றரை நிமிடம்

அலுவலகத்தில் தீ ஒத்திகை முடிந்ததும், எல்லோரும் இறங்க எத்தனை நிமிடம் ஆனது என்பதை மட்டும் பலர் குறித்துக்கொள்கிறார்கள். அதை வைத்து எதையும் திருத்த முடியாது. மூன்று நேரங்களைக் குறிக்க வேண்டும்: மணி அடித்து ஆட்கள் எழுந்து நடக்கத் தொடங்கியது, ஒவ்வொரு மாடியும் காலியானது, கீழே பெயர் சரிபார்த்து முடிந்தது.

ஐந்து மாடி, இரண்டு படிக்கட்டு, 200 பேர் என ஓர் அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். காலை 11 மணிக்கு மணி அடிக்கிறது. ஒன்றரை நிமிடம் யாரும் எழவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்க்கிறார்கள், கோப்பைச் சேமிக்கிறார்கள், பையைத் தேடுகிறார்கள். ஆறாவது நிமிடத்தில் கடைசி ஆள் வாசலைத் தாண்டுகிறார். ஆனால் பெயர்ப் பட்டியல் முடிய 12 நிமிடம். இருவரைக் காணோம். ஒருவர் கழிப்பறையில் இருந்திருக்கிறார், அங்கே மணிச் சத்தம் கேட்கவில்லை. மற்றவர் பத்தே முக்காலுக்கே டீ குடிக்க வெளியே போய்விட்டார். நிஜத் தீயாக இருந்தால், வெளியே போனவரைத் தேடி வீரர்கள் புகைக்குள் நுழைந்திருப்பார்கள்.

கழிப்பறையில் இருந்தவரை விட்டுவிட்டது மாடிப் பொறுப்பாளரின் குறை. மாடிக்கு ஒருவரும், அவர் விடுப்பில் போனால் பார்த்துக்கொள்ள இன்னொருவரும் வேண்டும். கழிப்பறை, கூட்ட அறை, சர்வர் அறை, சமையல் மேடை என்று பார்த்தபடி வந்து கதவுகளைச் சாத்த வேண்டும். கதவு சுட்டால் திறக்கக் கூடாது. எங்காவது புகை இருந்தால் உள்ளே போகாமல், பார்க்காத அறை எது என்று கீழே சொன்னால் போதும்.

கூடும் இடத்தைப் பலர் வாசலுக்கு எதிரிலேயே வைத்துவிடுகிறார்கள். தீயணைப்பு வண்டி நுழைவது அங்கேதான். ஜன்னல் கண்ணாடி விழுவதும் அங்கேதான். கட்டடத்தை விட்டுத் தள்ளி, வண்டி வழிக்கு அப்பால் இருக்க வேண்டும். மாடிவாரியாகத் தனித்தனியாக நின்றால் எண்ணுவது சுலபம். வரவேற்பில் இருப்பவர் பார்வையாளர் பதிவேட்டையும் கையோடு கொண்டுவர வேண்டும்.

நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் ரிக் ரெஸ்கோர்லா. 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு ஊழியர்களைத் தொடர்ந்து படியிறங்க வைத்து, கையில் கடிகாரத்தோடு நேரம் பார்த்தார். 2001 செப்டம்பர் 11 அன்று அந்நிறுவனத்தின் பெரும்பாலானோர் உயிரோடு இறங்கினார்கள். மற்றவர்களைத் தேடி மேலே திரும்பிய அவர் இறந்துபோனார்.

ஒத்திகை நடந்த அன்றே, நினைவு மங்குமுன் பொறுப்பாளர்கள் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். நம் அலுவலகத்தில் எழும் வேலைகள் மூன்று: கழிப்பறையில் மணி, வெளியே போவோருக்குப் பதிவேடு, எழத் தாமதித்த மாடியில் பொறுப்பாளர் உரக்கக் குரல் கொடுப்பது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளும் ஒரு தேதியும் குறிக்க வேண்டும். அடுத்த ஒத்திகையில் முதன்மைப் படிக்கட்டின் நடுவில் ஒருவர் ‘இங்கே புகை’ என்ற அட்டையோடு நிற்கட்டும். தினமும் ஏறிவந்த வழியிலேயே இறங்கப் பழகியவர்களுக்கு இரண்டாவது படிக்கட்டின் கதவு எங்கே, அது பூட்டியிருக்கிறதா, அட்டைப்பெட்டிகள் அடைத்திருக்கின்றனவா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.