காந்த ஊசி படுத்துவிடும் ஊரில் பறவைக்குத் திசை காட்டுவது எது?

தென்மாவட்டக் குளங்களில் ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுக்கும் நேரம் இது. கடிதங்கள் நிறைய வருகின்றன. பெரும்பாலானவை ஒரே கேள்வியில்தான் முட்டி நிற்கின்றன: கஜகஸ்தான் புல்வெளியில் பிறந்த சூறைக்குருவி, சங்கரன்கோவில் கரிசல் காட்டுச் சோளத்துக்கு எப்படி வந்து சேர்கிறது?

சரணாலயத் தகவல் பலகைகளும் அரசுச் செய்திக்குறிப்புகளும் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடும்: “பறவைகள் பூமியின் காந்தப்புலத்தை உணர்ந்து வழி அறிகின்றன.” இது பொய்யில்லை. ஆனால் இந்த வரி இடறி விழும் இடங்களில் ஒன்று நம்முடைய ஊர்தான். அதை எந்தப் பலகையும் சொல்வதில்லை.

ஒரு தையல் ஊசியை நடுவில் நூல் கட்டி, சமநிலையில் தொங்கும்படி சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு அதைக் காந்தத்தில் தேய்த்துத் தொங்கவிடுங்கள். டெல்லியில் இதைச் செய்தால் ஊசியின் வடமுனை நாற்பது பாகைக்கு மேல் தரையை நோக்கிச் சாயும். சூறைக்குருவி முட்டையிடும் மத்திய ஆசியாவில் அறுபது பாகைக்கு மேல் சாயும். சங்கரன்கோவிலில் ஏறக்குறையப் படுத்தே கிடக்கும். சாய்வு ஐந்து பாகைகூட வராது. காந்தப்புலம் தரைக்கு இணையாக ஓடும் காந்த நடுக்கோடு நமக்குச் சற்றுத் தெற்கே போகிறது. 1963இல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவியதும், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் இந்தக் கோட்டுக்காகத்தான்.

பறவைக்கு ஊசி படுத்தால் என்ன, நின்றால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது. கப்பல் திசைகாட்டியைப் போலப் பறவை வடமுனை எது, தென்முனை எது என்று பார்ப்பதில்லை. ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட்டில் வோல்ஃப்காங் வில்ச்கோ, ரோஸ்விதா வில்ச்கோ தம்பதி ஐரோப்பிய ராபின் பறவைகளைக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே கூண்டில் வைத்துச் சோதித்தார்கள். சுருளில் மின்சாரம் பாய்ச்சிக் காந்தப்புலத்தை வேண்டியபடி திருப்பலாம். வசந்த காலத்தில் ராபின் வடக்கே போகத் துடிக்கும். புலத்தின் சாய்வை மட்டும் தலைகீழாக்கியபோது, வடமுனை இருந்த இடத்திலேயே இருந்தும் பறவைகள் தெற்கே போக முயன்றன. முனைகளையும் சாய்வையும் சேர்த்துப் புரட்டியபோது எதுவுமே நடக்காததுபோல வடக்கே திரும்பின. ஆக, பறவை பார்ப்பது முனையை அல்ல. புலம் எந்தப் பக்கம் தரைக்குள் இறங்குகிறது என்பதை. இறங்கும் பக்கம் துருவம், ஏறும் பக்கம் நடுக்கோடு. 1972இல் வெளியான முடிவு இது.

இப்போது அந்தப் பறவையைச் சங்கரன்கோவிலுக்குக் கொண்டு வாருங்கள். புலம் எந்தப் பக்கமும் சொல்லிக்கொள்ளும்படி இறங்கவில்லை, ஏறவுமில்லை. துருவம் எது, நடுக்கோடு எது? இந்தக் கேள்விக்கும் சோதனை உண்டு. 2016இல் ஜெர்மனியில் கருந்தலைக் கதிர்க்குருவிகளை வைத்துப் பார்த்தார்கள். ஐந்து பாகைச் சாய்வில் அவை திசையைப் பிடித்துக்கொண்டன. சாய்வே இல்லாத புலத்தில் ஆளுக்கொரு பக்கம் போயின. நம் ஊர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வேறு இனத்தில் செய்த சோதனைதான், சூறைக்குருவியின் வரம்பு சற்றே முன்னே பின்னே இருக்கலாம். ஆனாலும் “காந்தப்புலத்தை உணர்ந்து” என்று முழு நம்பிக்கையோடு எழுத இந்த ஊரில் இடமில்லை.

அப்படியானால் ஏப்ரலில் அவை எதை வைத்துத் திரும்புகின்றன? சூறைக்குருவி பகலில் பறப்பது. அதன் நெருங்கிய உறவான ஐரோப்பிய ஸ்டார்லிங்கிடம் சூரியத் திசைகாட்டி இருப்பதை 1950களிலேயே நிரூபித்துவிட்டார்கள். சூரியன் நகர்ந்துகொண்டே இருப்பதால், அதை வைத்துத் திசை பார்க்க உள்ளுக்குள் ஒரு கடிகாரம் வேண்டும். கிளாஸ் ஹோஃப்மன் ஸ்டார்லிங்குகளைச் செயற்கை விளக்கொளியில் வைத்து, விடியலையும் அந்தியையும் ஆறு மணி நேரம் தள்ளிப் பழக்கினார். பிறகு உண்மையான சூரியனைக் காட்டினார். அவை சரியாகத் தொண்ணூறு பாகை தவறிப் போயின. ஆறு மணி நேரம் என்பது நாளில் கால்பங்கு, தொண்ணூறு பாகை என்பது வட்டத்தில் கால்பங்கு. கணக்கு அவ்வளவு துல்லியம். என்னை மிகவும் வியக்க வைத்த சோதனை இது.

சூரியனிலும் நம் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாளையொட்டிச் சங்கரன்கோவிலில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். அந்த நாட்களில் சூரியன் காலை முழுவதும் ஏறக்குறையக் கிழக்கிலேயே இருந்து, உச்சியைத் தாண்டியதும் சட்டென்று மேற்குக்கு மாறிவிடும். வடக்கே பிறந்த பறவை பழகிய சூரியனோ, கிழக்கிலிருந்து தெற்கு வழியாக நிதானமாக மேற்குக்குச் சுற்றிப் போவது. அந்தக் கணக்கோடு இங்கே கிளம்பினால் முற்பகலில் திசை பிசகும். சூரியத் திசைகாட்டி பிறவியிலேயே முழுதாக வருவதில்லை, பார்த்துப் பழகுவது. இங்கே மாதக்கணக்கில் தங்கும் பறவைக்கு இந்த ஊர்ச் சூரியனைப் படித்துக்கொள்ள நேரம் இருக்கிறது. இங்கிருந்து கிளம்பும்போது அது சூரியனையே அதிகம் நம்பும் என்றும், வடக்கே போகப் போக ஊசி சாயச் சாய, காந்தமும் கைகொடுக்கும் என்றும் நான் கருதுகிறேன். இரவில் பறப்பவற்றுக்கு விண்மீன்கள் உண்டு. ஆனால் துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து ஒன்பது பாகை உயரத்தில்தான் நிற்கும். புழுதி மூட்டம் இருந்தால் அதுவும் தெரியாது.

இதுவரை சொன்னது எல்லாமே திசை. திசை தெரிவதும் தான் நிற்கும் இடம் தெரிவதும் ஒன்றல்ல. பல கடிதங்கள் இதைத்தான் குழப்பிக்கொள்கின்றன. நெதர்லாந்தின் பெர்டெக், தி ஹேக் அருகே பிடித்த பதினோராயிரத்துக்கும் அதிகமான ஸ்டார்லிங்குகளை விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார். 1958இல் முடிவை எழுதினார். முதல் பயணத்தில் இருந்த இளம் பறவைகள் பழைய திசையிலேயே பறந்து ஸ்பெயின் பக்கம் போய்ச் சேர்ந்தன. ஏற்கெனவே ஒருமுறை போய்வந்த பெரிய பறவைகள் இடம் மாறியதை உணர்ந்து, திசையைத் திருத்திக்கொண்டு, வழக்கமாகக் குளிர்காலம் கழிக்கும் வடமேற்குப் பக்கம் போயின. இளசுக்குத் திசை மட்டுமே கைவசம். இடம் அறியும் திறன் போய்வந்த பிறகே வருகிறது.

மற்றக் கேள்விகள்:

காந்தத்தை எந்த உறுப்பு உணர்கிறது? கண் என்பதே இன்றைய வலுவான கருத்து. விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம்-4 என்ற புரதம் காந்தப்புலத்துக்கு அசைந்துகொடுப்பதை 2021இல் சோதனைக் குழாயில் காட்டினார்கள், பறவையின் மூளை வரை இன்னும் காட்டவில்லை.

செல்போன் கோபுரம் வழி தவறச் செய்யுமா? ராபினின் காந்தத் திசையைக் குலைத்ததாக 2014இல் ஓல்டன்பர்க் நகரில் காட்டப்பட்ட இரைச்சல், மத்திய அலை வானொலியை ஒட்டிய அலைவரிசையில் இருந்தது. செல்போன் அலைவரிசை அதைவிடப் பல நூறு மடங்கு அதிகம், அந்தச் சோதனையை அதற்குச் சாட்சியாக்க முடியாது.

கூந்தன்குளம் வரித்தலை வாத்தும் இப்படித்தானா? அதன் குஞ்சுகள் பெற்றோருடனேயே பறந்து வருவதால் வழியைக் கூடவே கற்றுக்கொள்கின்றன.

அங்கே கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை எந்த நாட்டுப் பறவை? நம் நாட்டுப் பறவைதான்.

கழுத்துப்பட்டையோ கால்வளையமோ உள்ள பறவையைக் கண்டால்? வண்ணம், எழுத்து, எண், எந்தக் கால் என்று நான்கையும் குறித்துக் கணக்கெடுப்புக் குழுவிடம் கொடுங்கள்.